ஒரு பட்டன், 32 இடைவெளிகள்

டி.வி. ரிமோட்டின் முனையை செல்போன் கேமராவுக்கு நேரே பிடித்து ஒரு பட்டனை அழுத்திப் பாருங்கள். வெறும் கண்ணுக்கு அணைந்தே கிடக்கும் அந்தச் சின்ன விளக்கு, கேமராத் திரையில் வெளிர் ஊதாவாக மினுக்கும். பின்பக்கக் கேமராவில் தெரியவில்லை என்றால் முன்பக்கக் கேமராவில் பாருங்கள். சில போன்களில் பின்பக்க லென்ஸ் அகச்சிவப்பு ஒளியை வடிகட்டிவிடும்.

அந்த மினுக்கலில்தான் செய்தி இருக்கிறது. விளக்கு எவ்வளவு பிரகாசம் என்பதற்கு அதில் பொருள் இல்லை. எவ்வளவு நேரம் அணைந்திருந்தது என்பதற்குத்தான் பொருள். கொஞ்ச நேரம் அணைந்திருந்தால் 0, கூடுதல் நேரம் அணைந்திருந்தால் 1. ஜப்பானின் என்.இ.சி. நிறுவனம் வகுத்த இந்த முறை உலகெங்கும் பரவியது. ஆர்டுயினோ பெட்டிகளில் கூடவே வரும் 21 பட்டன் கறுப்பு ரிமோட்டும் இதைத்தான் பேசுகிறது. அந்த ரிமோட்டில் ‘1’ என்ற பட்டனை அழுத்தினால் என்ன வருகிறது என்பதை நாமே நேரம் அளந்து படித்துவிடலாம். தேவை ஓர் ஆர்டுயினோ ஊனோ, ஒரு அகச்சிவப்பு ரிசீவர், மூன்று ஒயர்கள்.

ரிசீவர் செய்யும் வேலை

வெயிலிலும் குண்டு பல்பிலும் அகச்சிவப்பு தாராளமாக இருக்கிறது. அந்த வெள்ளத்தில் தன் ஒளி கரைந்துவிடாதிருக்க, ரிமோட் தன் விளக்கை வெறுமனே எரிய விடுவதில்லை. எரிய வேண்டிய நேரத்தில் நொடிக்குச் சுமார் 38,000 தடவை அணைத்து அணைத்து எரிக்கிறது. திருவிழா இரைச்சலில் போலீஸ்காரரின் விசில் தனியாகக் கேட்பதைப் போல, ரிசீவர் இந்த 38 கிலோஹெர்ட்ஸ் துடிப்பை மட்டும் பிரித்தெடுக்கிறது.

ரிசீவருக்கு மூன்று கால்கள்: மின்சாரம், தரை, வெளியீடு. ஒளி இல்லாதபோது வெளியீட்டுக் கால் 5 வோல்ட்டில் நிற்கும். துடிப்பு வந்ததும் பூஜ்யத்துக்கு இறங்கும்; நின்றதும் மறுபடி ஏறும். வேகத் துடிப்பையெல்லாம் ரிசீவரே விழுங்கிக்கொள்வதால், நம் பின்னுக்கு வருவது இறக்கமும் ஏற்றமும் மட்டுமே.

வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. கால்களின் வரிசை எல்லா ரிசீவருக்கும் ஒன்றல்ல. முகம் நம்மைப் பார்க்கப் பிடித்தால், வி.எஸ். 1838பி வகையில் இடமிருந்து வெளியீடு, தரை, மின்சாரம் என்று வரும். பழைய டி.எஸ்.ஓ.பி. 1738-இல் தரை, மின்சாரம், வெளியீடு. மாற்றி இணைத்து மின்சாரம் கொடுத்தால் சில்லு சுடும், கெட்டும் போகலாம். கடைக்காரர் தரும் தாளைப் பார்த்துவிட்டு இணைப்பது நல்லது.

எதிலிருந்து எதுவரை அளப்பது?

பட்டனை அழுத்தியதும் ரிமோட் முதலில் 9 மில்லி நொடி ஒளி விடுகிறது. பிறகு 4.5 மில்லி நொடி மௌனம். ‘செய்தி வருகிறது’ என்ற அறிவிப்பு அது. அதன்பின் 32 பிட்கள். ஒவ்வொரு பிட்டும் 562 மைக்ரோ நொடி ஒளியோடு தொடங்குகிறது. அடுத்து வரும் மௌனமும் ஏறக்குறைய அதே 562 என்றால் 0. மூன்று மடங்காக 1,687 என்றால் 1. கடைசி பிட்டின் மௌனம் எங்கே முடிகிறது என்று காட்ட, இறுதியில் ஒரு குட்டி ஒளி.

மௌனத்தில்தான் வித்தியாசம் என்பதால் மௌனத்தை மட்டும் அளந்தால் போதும் என்று தோன்றும். அதாவது, பின் ஏறும் கணத்திலிருந்து அடுத்து இறங்கும் கணம் வரை. ஆனால் ரிசீவர் ஒளியை உள்ளபடியே நகலெடுப்பதில்லை. துடிப்பு வந்ததாக உறுதி செய்ய அதற்குச் சில துடிப்புகள் வேண்டும். நின்றுவிட்டதாக உறுதி செய்யவும் கொஞ்ச நேரம் வேண்டும். இந்த இரண்டு தாமதங்களும் சமமாக இருப்பதில்லை. ரிமோட் பக்கத்தில் இருந்தால் ஒளி பலமாக விழும். ரிசீவர் சட்டென்று விழித்து, மெதுவாக விடும். 562 ஆக இருக்க வேண்டிய ஒளி 650 ஆக நீண்டு, 562 ஆக இருக்க வேண்டிய மௌனம் 475 ஆகச் சுருங்கலாம். தூரம் போனால் கதை தலைகீழாகும்.

ஒளி நீண்ட அளவுக்கே மௌனம் குறைகிறது என்பதைக் கவனியுங்கள். இரண்டையும் கூட்டினால் 1,125 அப்படியே இருக்கிறது. எனவே ஓர் இறக்கத்திலிருந்து அடுத்த இறக்கம் வரை அளப்பதே நல்ல வழி. ஒவ்வோர் இறக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு தாமதமாகத்தான் வருகிறது. கழித்துப் பார்க்கும்போது அந்தத் தாமதம் அடிபட்டுப் போகிறது. இப்படி அளந்தால் 0 என்பது 1,125 மைக்ரோ நொடி; 1 என்பது 2,250. ஒன்று மற்றதன் இரு மடங்கு. நடுவே 1,700-இல் கோடு போட்டால், ரிமோட்டின் கடிகாரம் கொஞ்சம் முன்பின் ஓடினாலும் குழப்பம் வராது. தொடக்க அறிவிப்பு 9-உம் 4.5-உம் சேர்ந்து 13,500.

புரோகிராம்

ரிசீவரின் வெளியீட்டை ஊனோவின் 2-ஆம் பின்னில் இணைக்கிறோம். அந்தப் பின்னில் மின்னழுத்தம் இறங்கிய மறுகணமே, செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு ஒரு குறிப்பிட்ட பகுதிக்கு ஓடச் சொல்ல முடியும். இதற்கு இன்டரப்ட் என்று பெயர். ஓடி வந்ததும் செய்ய வேண்டியது சின்ன வேலைதான்: மணி பார்ப்பது, போன தடவை பார்த்த மணியைக் கழிப்பது, வந்த இடைவெளியைத் தரம் பிரிப்பது.

```
volatile uint32_t code = 0;
volatile byte count = 99;

void onFall() {
  static uint32_t last = 0;
  uint32_t now = micros();
  uint32_t gap = now - last;
  last = now;
  if (gap > 12500 && gap < 14500) {
    code = 0;
    count = 0;
  } else if (count < 32 && gap > 800 && gap < 2700) {
    code >>= 1;
    if (gap > 1700) code |= 0x80000000UL;
    count++;
  } else if (count < 32) {
    count = 99;
  }
}

void setup() {
  Serial.begin(9600);
  pinMode(2, INPUT);
  attachInterrupt(digitalPinToInterrupt(2), onFall, FALLING);
}

void loop() {
  if (count == 32) {
    uint32_t c = code;
    count = 99;
    Serial.println(c, HEX);
  }
}
```

`count` 99 என்றால் ‘எதையும் எதிர்பார்க்கவில்லை’ என்று வைத்துக்கொள்கிறோம். 13,500-ஐ ஒட்டிய இடைவெளி வந்ததும் எண்ணிக்கை 0-க்கு வருகிறது. 32 பிட் சேர்ந்ததும் `loop` அதை எடுத்துத் திரையில் காட்டுகிறது. நடுவில் பொருந்தாத இடைவெளி வந்தால் மொத்தத்தையும் கைவிடுகிறோம். ஊனோவில் `micros()` 4 மைக்ரோ நொடிக்கு ஒரு முறைதான் எண்ணை மாற்றும். நம் வேலைக்கு அந்த நுட்பம் தாராளம்.

‘1’ பட்டன் சொல்வது என்ன?

கறுப்பு ரிமோட்டில் ‘1’ பட்டனை அழுத்தினால் திரையில் `F30CFF00` என்று வரும். இடைவெளிகள் வந்த வரிசையிலேயே பிட்களை எழுதினால் இப்படி இருக்கும்:

```
00000000 11111111 00110000 11001111
```

முதல் எட்டு பிட்கள் முகவரி: எந்தக் கருவிக்கான செய்தி என்பது. இங்கே 0. அடுத்த எட்டு, அதே முகவரி தலைகீழாக: 0 எல்லாம் 1. மூன்றாம் எட்டுதான் பட்டனின் எண். நான்காவது எட்டு அதன் தலைகீழ். ஒரே விஷயத்தை நேராகவும் தலைகீழாகவும் இரண்டு தடவை சொல்வதால், வழியில் ஏதாவது கெட்டிருந்தால் பிடித்துவிடலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக இல்லையென்றால் அந்தச் செய்தியைத் தள்ளிவிட வேண்டும்.

சிறிய மதிப்புள்ள பிட் முதலில் வரும் என்பது என்.இ.சி. முறையின் விதி. எனவே `00110000` என்று வந்ததைப் பின்னாலிருந்து படித்தால் `00001100`, அதாவது `0C`. இந்த விதியைப் பார்க்காமல் வந்த வரிசையிலேயே கூட்டினால் `30` கிடைக்கும். முழு எண் `00FF30CF` ஆகும். ஆர்டுயினோவின் பழைய அகச்சிவப்பு நூலகம் இப்படித்தான் காட்டியது. புதியது `0C` என்று காட்டுகிறது. பழைய புரோகிராமை அப்படியே எடுத்துப் போட்டவர்களுக்கு பட்டன் வேலை செய்யாமல் போவதற்கு இதுவே காரணம். இரண்டும் ஒரே செய்திதான். படித்த திசை வேறு.

பட்டனைப் பிடித்தபடியே இருந்தால் இந்த 32 பிட்டும் திரும்ப வருவதில்லை. சுமார் 108 மில்லி நொடிக்கு ஒரு முறை, 9 மில்லி நொடி ஒளியும் 2.25 மில்லி நொடி மௌனமும் இறுதியில் ஒரு குட்டி ஒளியும் மட்டும் வரும். ‘இன்னும் விடவில்லை’ என்று அர்த்தம். நம் அளவையில் இது 11,250. மேலே உள்ள புரோகிராம் இதைக் கண்டுகொள்வதில்லை. ஒலியளவைக் கூட்டும் பட்டன் போன்றவற்றுக்கு இது தேவை. 10,500 முதல் 12,000 வரை வரும் இடைவெளியைக் கவனிக்க ஒரு வரி சேர்த்தால் போதும்.

எங்கே தவறும்?

மிகவும் வழக்கமான தவறு, `onFall` உள்ளேயே திரையில் அச்சிட முயல்வது. அதற்குள் அடுத்த இறக்கம் வந்துவிட்டால், அதைக் கவனிக்கும் நேரம் தள்ளிப்போய் அளவு கெடும். இன்னொன்று, கூடவே வண்ண எல்.இ.டி. பட்டை ஓடுவது. டபிள்யூ.எஸ். 2812 வகைப் பட்டைக்குத் தகவல் அனுப்பும்போது, நூலகம் ஒரு விளக்குக்கு 30 மைக்ரோ நொடி வீதம் இன்டரப்ட்டை மூடிவைக்கிறது. 60 விளக்குகள் என்றால் 1,800 மைக்ரோ நொடி. ஒரு 0-வை முழுசாக விழுங்க அது போதும். விழுங்கினால் இரண்டு 0-கள் சேர்ந்து ஒரு 1 போலத் தெரியும். ஆனால் மொத்தம் 31 பிட்தான் தேறும் என்பதால் புரோகிராம் அதைக் கைவிட்டுவிடும். பட்டனை அழுத்தியும் சில நேரம் ஒன்றுமே வராவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

வீட்டிலுள்ள எல்லா ரிமோட்டும் இதற்குள் அடங்காது. சாம்சங் டி.வி. ரிமோட்டில் பிட்கள் இதே மாதிரிதான். ஆனால் தொடக்க அறிவிப்பு 4.5-உம் 4.5-உம், நம் அளவையில் 9,000. எல்லையை மாற்றினால் படித்துவிடலாம்; முகவரி மட்டும் தலைகீழாக வராமல் அப்படியே இரண்டு தடவை வரும். சோனி முறையில் மௌனம் மாறுவதில்லை, ஒளியின் நீளம் மாறும். பிலிப்ஸின் ஆர்.சி. 5 முறையில் ஏற்றமா இறக்கமா என்பதே பிட். இறக்கத்தை மட்டும் பார்த்தால் பாதிச் செய்தி போய்விடும். ஏ.சி. ரிமோட் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் வெப்பநிலை, விசிறி வேகம் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புவதால் 32 பிட்டோடு நிற்பதில்லை.

ஆகவே புது ரிமோட் ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் பிட்களைத் தேடாதீர்கள். `gap` மதிப்புகளை வரிசையாக ஓர் அணியில் சேர்த்து, பட்டனை விட்ட பிறகு அச்சிட்டுப் பாருங்கள். முதல் இடைவெளி 13,500-ஐ ஒட்டி இருந்து, மற்றவை 1,125, 2,250 என்று இரண்டே கூட்டமாகப் பிரிந்தால், மேலே உள்ள புரோகிராம் அதைப் படித்துவிடும். அப்படிப் பிரியவில்லை என்றால் அது வேறு முறை. அதற்கு வேறு அளவை வேண்டும்.