நரம்பணுவும் நரம்புச்சந்தியும்: நரம்பறிவியல் முதலாண்டுக் கலைச்சொற்கள் சில

நரம்பறிவியலின் முதலாண்டு மாணவர் முதலில் சந்திக்கும் சொல் ‘நியூரான்’. 1891இல் வால்டேயர் இதனை உயிரணுவின் பெயராக்கினார். கிரேக்கத்தில் இது தசைநாணையும் வில்லின் நாணையும் குறித்த சொல். தமிழில் ‘நரம்பு’ யாழின் தந்தியையும் உடலின் நாளத்தையும் குறித்து வந்துள்ளது. இரு மொழியிலும் பொருள் வளர்ந்த தடம் ஒத்திருப்பதால் வேர்ச்சொல்லைத் தேட வேண்டியதில்லை. எனினும் ‘நரம்பு’ என்றே நிறுத்தினால் பிழை நேரும். நரம்பு என்பது பல நியூரான்களின் நீண்ட இழைகள் சேர்ந்த கற்றை. ‘நரம்புச் செல்’ என்பது பாடநூல் வழக்கே. ஆயினும், நரம்புத் திசுவிலுள்ள பசைச் செல்களையும் அது சுட்டுவதாக மாணவர் கொள்ளக்கூடும். எனவே ‘உயிரணு’வின் வழியில் ‘நரம்பணு’ ஏற்கப்பட்டது.

கடினமான தெரிவு ‘சினாப்ஸ்’. பரவலாக வழங்கும் ‘நரம்பிணைப்பு’ ஒரு பழைய பிழையை மீண்டும் உயிர்ப்பிக்கிறது. நரம்பு மண்டலம் தொடர்ந்து பின்னிய வலை என்றார் கோல்கி. தனித்தனி அணுக்களின் தொகுதி என்றார் காஹால். 1906இல் நோபல் பரிசை இருவரும் பகிர்ந்த பின்னும் அக்கருத்து வேறுபாடு தீரவில்லை. 1950களில் மின்னணு நுண்ணோக்கி, இரு சவ்வுகளுக்கிடையே ஏறத்தாழ 20 நானோமீட்டர் இடைவெளியைக் காட்டிக் காஹாலை உறுதிசெய்தது. ‘இணைப்பு’ என்று படிக்கும் மாணவர், மின்துடிப்பு கம்பியில் ஓடுவதுபோல அங்கும் கடந்துவிடுவதாக எண்ணுகிறார். இடையில் வேதிப்பொருள் ஏன் வேண்டும் என்பது அவருக்கு விளங்குவதில்லை.

‘புணர்ச்சி’ இலக்கணத்தில் மிகப் பொருத்தமானதே. ஆனால் இன்றைய வகுப்பறையில் அதனை ஆள்வது எளிதன்று. ஆகவே ‘நரம்புச்சந்தி’ தெரிவாயிற்று. ‘பொன்மலை’யில் இரு சொற்களும் உருத்திரியாமல் அடுத்து நிற்பதுபோல, இங்கும் சவ்வுகள் கலவாமல் எதிரெதிரே நிற்கின்றன. நிலைமொழி, வருமொழி என்னும் முறையும் உதவுகிறது: செய்தி விடும் அணு ‘சந்திமுன்’, பெறும் அணு ‘சந்திப்பின்’. விகாரப் புணர்ச்சிக்கு இவ்வுவமையை நீட்டலாகாது. மின்வழிச் சந்திகளில் இடைவெளி மிகக் குறுகி, நுண்குழல்கள் இரு அணுக்களின் உட்பொருளையும் தொடர்புபடுத்துகின்றன. ஆயினும் சவ்வுகள் ஒன்றாவதில்லை. ஆதலால் அங்கும் ‘சந்தி’ பொருந்தும்.

அந்த இடைவெளிக்குப் ‘பிளவு’ என்பது தள்ளப்பட்டது. ஒன்றாயிருந்தது பிளந்தது என்னும் எண்ணத்தை அது தரும். இங்கு எதுவும் பிளக்கவில்லை. ‘சந்தியிடுக்கு’ போதும்.

‘செயல் மின்னழுத்தம்’ ஏற்கெனவே வழக்கிலுள்ளது; மாற்றத் தேவையில்லை. சுருக்கமாகச் ‘செயலழுத்தம்’ என எழுதும் போக்குதான் தவிர்க்கத்தக்கது. உடலியல் வகுப்பில் ‘அழுத்தம்’ என்றவுடன் இரத்த அழுத்தமே நினைவுக்கு வரும். −70 மில்லிவோல்ட் என்னும் எதிர்மதிப்பு அப்போது பொருளற்றுத் தோன்றும். ‘ஓய்வு மின்னழுத்தம்’ என்பதிலும் ‘மின்’ நீங்கலாகாது.