ரிட்டயர்மென்ட் பணம் எத்தனை வருஷம் வரும்? பேங்க் பேலன்ஸை நம்பாதீங்க, இந்தக் கணக்கைப் போடுங்க!

"கையில ஒரு கோடி இருக்கு. 7% வட்டி வந்தா வருஷத்துக்கு 7 லட்சம். அசலைத் தொடவே வேண்டாம்."

பணி ஓய்வு பெறும் பல வீடுகளில் இந்தக் கணக்குதான் போடப்படுகிறது. பார்ப்பதற்குச் சரியாகத்தான் தெரியும். ஆனால், இதில் விலைவாசி இல்லை. ஆண்டுக்கு 6% விலைவாசி ஏறினால், இன்று 7 லட்சத்தில் ஓடும் குடும்பத்துக்கு 12 ஆண்டுகள் கழித்து சுமார் 14 லட்சம் தேவைப்படும். வட்டியோ அதே 7 லட்சம்தான். அப்போது அசலில் கை வைத்தே ஆக வேண்டும்.

அப்படியானால் அந்தப் பணம் உண்மையில் எத்தனை ஆண்டுகள் வரும்? அதைக் கண்டுபிடிக்க மூன்று எண்கள் போதும்: உண்மையான ஆண்டுச் செலவு, விலைவாசி ஏற்றம், வரி போக மிஞ்சும் வருமானம்.

முதலில் நிஜச் செலவு

உதாரணத்துக்கு, திருச்சியில் சொந்த வீட்டில் வசிக்கும் 60 வயதுத் தம்பதியை எடுத்துக்கொள்வோம். பி.எஃப்., கிராஜுவிட்டி, சேமிப்பு எல்லாம் சேர்த்து ஒரு கோடி ரூபாய் இருக்கிறது. "மாசம் 35,000 இருந்தா தாராளமா போதும்" என்கிறார்கள். அதாவது ஆண்டுக்கு 4.2 லட்சம்.

ஆனால் 12 மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் யு.பி.ஐ. ஹிஸ்டரியையும் எடுத்துப் பார்த்தால், மாதக் கணக்கில் வராத செலவுகள் வரிசையாக எட்டிப் பார்க்கின்றன:

- மருத்துவக் காப்பீட்டு பிரீமியம்: 60,000
- தீபாவளி, பொங்கல், துணிமணி: 40,000
- மொய், கல்யாணப் பயணங்கள்: 30,000
- வண்டி இன்ஷூரன்ஸ், சர்வீஸ்: 20,000
- வீட்டு ரிப்பேர், பழுதான மிஷின்களை மாற்றுவது (ஆண்டுச் சராசரி): 20,000
- சொத்து வரி, தண்ணீர் வரி: 10,000

மொத்தம் 1.8 லட்சம். ஆக, நிஜச் செலவு ஆண்டுக்கு 4.2 லட்சம் அல்ல, 6 லட்சம். கணக்கில் மிகப் பெரிய பிழை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடக்கிறது.

எத்தனை சதவிகிதம் எடுத்தால் எத்தனை வருஷம்?

முதல் ஆண்டில் எடுக்கும் தொகை மொத்தப் பணத்தில் எத்தனை சதவிகிதமோ, அதுதான் எடுப்பு விகிதம். இரண்டாம் ஆண்டிலிருந்து அந்தத் தொகையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக்கொண்டே போக வேண்டும். வருமானம் வரி போக 7%, விலைவாசி ஏற்றம் 6% என்று வைத்து, ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் பணத்தை எடுத்தால் கிடைக்கும் விடை இது:

- 4% எடுத்தால் 28 ஆண்டுகள்
- 5% எடுத்தால் 22 ஆண்டுகள்
- 6% எடுத்தால் 18 ஆண்டுகள்
- 7% எடுத்தால் 15 ஆண்டுகள்
- 8% எடுத்தால் 13 ஆண்டுகள்

திருச்சித் தம்பதி நினைத்த 4.2 லட்சத்துக்கு, பணம் 26 ஆண்டுகள், அதாவது 86 வயது வரை வரும். நிஜமான 6 லட்சத்துக்கு 18 ஆண்டுகள்தான். 78 வயதில் கை காலி. ஸ்டேட்மென்ட்டைப் பார்க்காமல் விட்டதற்கான விலை 8 ஆண்டுகள்.

கூகுள் ஷீட்டிலோ எக்ஸெலிலோ இதை ஒரே வரியில் போட்டுப் பார்க்கலாம்:

```
=NPER(1.07/1.06-1,-600000,10000000,0,1)
```

1.07 என்பது வருமானம், 1.06 என்பது விலைவாசி. அடுத்தது ஆண்டுச் செலவு, அதற்கடுத்தது கையில் உள்ள பணம். உங்கள் வீட்டு எண்களை மாற்றினால் போதும். விடை 18.03 என்று வரும். `#NUM!` என்று வந்தால் பயப்பட வேண்டாம். நீங்கள் கொடுத்த எண்களின்படி பணம் தீரவே தீராது என்று அர்த்தம்.

பேலன்ஸ் ஏன் ஏமாற்றுகிறது?

இதே தம்பதியின் கணக்கை ஆண்டுவாரியாகப் பாருங்கள். முதல் ஆண்டு 6 லட்சம் எடுக்கிறார்கள். மீதி 94 லட்சத்துக்கு 7% சேர்ந்து, ஆண்டு முடிவில் 1 கோடியே 58 ஆயிரம். அடுத்த ஆண்டு செலவு 6.36 லட்சம். அப்போதும் பேலன்ஸ் ஒரு கோடிக்கு மேல்தான். நான்காம் ஆண்டு முடிவிலும் ஒரு கோடி அப்படியே இருக்கிறது. "பார்த்தியா, குறையவே இல்ல" என்று தோன்றும்.

10-ஆம் ஆண்டு முடிவில் 83.5 லட்சம் இருக்கும். அதுகூடப் பெரிய தொகைதானே? ஆனால் அதற்குள் ஆண்டுச் செலவு 10.7 லட்சமாகிவிட்டது. மிச்சமிருக்கும் 83.5 லட்சமும் அடுத்த 8 ஆண்டுகளில் கரைந்துவிடும். 

ஆகவே, பார்க்க வேண்டியது பேலன்ஸை அல்ல. இந்த ஆண்டுச் செலவை இன்றைய பேலன்ஸால் வகுத்து வரும் சதவிகிதத்தைப் பாருங்கள். இவர்களுக்கு முதல் ஆண்டில் அது 6%. ஆறாம் ஆண்டின் தொடக்கத்தில், பேலன்ஸ் 99 லட்சம் இருக்கும்போதே, 8.1%. பதினோராம் ஆண்டில் 12.9%. பேலன்ஸ் அமைதியாக இருக்கும்போதே இந்த எண் எச்சரிக்கை மணி அடித்துவிடும்.

உங்கள் வீட்டு விலைவாசி எவ்வளவு?

அரசு வெளியிடும் பணவீக்க விகிதம் நாடு முழுவதற்குமான சராசரி. 60 வயதைத் தாண்டியவர்களின் வீட்டில் மருந்துக்கும் பிரீமியத்துக்கும் போகும் பங்கு அதைவிட அதிகமாக இருக்கலாம். எனவே சொந்த எண்ணைக் கண்டுபிடிப்பது நல்லது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆண்டுச் செலவு 5.04 லட்சம், இப்போது 6 லட்சம் என்றால்:

```
=(600000/504000)^(1/3)-1
```

விடை சுமார் 6%. மூன்று ஆண்டுகளிலும் ஒரே மாதிரியான செலவுகளைத்தான் ஒப்பிட வேண்டும். நடுவில் வந்த வெளிநாட்டுப் பயணம், மகள் கல்யாணம் போன்றவற்றைக் கழித்துவிடுங்கள்.

இந்த ஓர் எண் மாறினாலே விடை எங்கேயோ போய்விடும். 4% எடுப்பவருக்கு விலைவாசி 6% என்றால் 28 ஆண்டுகள். அது 8% ஆனால் 22 ஆண்டுகள்தான்.

4% விதி இங்கே செல்லுமா?

அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-இல் எழுதிய கட்டுரையிலிருந்து பிரபலமானது 4% விதி. முதல் ஆண்டு 4% எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தினால் 30 ஆண்டுகள் தாங்கும் என்பது அதன் சாரம். ஆனால் அது அமெரிக்கப் பங்குகள், அரசுக் கடன் பத்திரங்களின் வரலாற்றை வைத்துப் போட்ட கணக்கு. எல்லாப் பணத்தையும் எஃப்.டி.யில் வைத்திருக்கும் இந்தியக் குடும்பத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. மேலே உள்ள நமது கணக்கில் 30 ஆண்டுகள் தாங்க 3.8%தான் எடுக்க முடிகிறது. அதாவது 6 லட்சம் செலவுக்குச் சுமார் 1.58 கோடி தேவை.

இந்தக் கணக்கு சொல்லாதது

ஒவ்வோர் ஆண்டும் சரியாக 7% வரும் என்பது அனுமானம்தான். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரைதான் போட முடியும். வட்டிக்கு வரியும் உண்டு. 5 ஆண்டுகள் முடிந்து நீட்டிக்கும்போது வட்டி விகிதம் குறைந்திருக்கலாம்.

பணத்தில் ஒரு பகுதி மியூச்சுவல் ஃபண்டில் இருந்தால், எந்த ஆண்டில் சரிவு வருகிறது என்பதும் முக்கியம். முதல் ஆண்டிலேயே மொத்தப் பணம் 10% சரிந்து, பிறகு வழக்கம்போல 7% வந்தாலும், திருச்சித் தம்பதியின் 18 ஆண்டுகள் 15 ஆகிவிடும். அதனால் 7%-க்குப் பதில் 6% போட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவர்களுக்கு அப்போது 16 ஆண்டுகள் என்று வரும்.

என்ன செய்யலாம்?

ஆண்டுதோறும் ஏப்ரலில், முந்தைய 12 மாத ஸ்டேட்மென்ட்டை வைத்து இதே கணக்கை மறுபடி போடுங்கள். ஆண்டுகளின் எண்ணிக்கை ஒன்றுக்கு மேல் குறைந்திருந்தால், எந்தச் செலவு ஏறியது என்று தேடுங்கள். மேலே சொன்ன தம்பதி இப்போதே 6 லட்சத்தை 5 லட்சமாகக் குறைத்தாலோ, வாடகை, பகுதிநேர வேலை என ஆண்டுக்கு ஒரு லட்சம் வந்து, அதுவும் விலைவாசியோடு ஏறினாலோ, பணம் 18-க்குப் பதில் 22 ஆண்டுகள் வரும். இதே திருத்தத்தைப் பத்து ஆண்டுகள் கழித்துச் செய்தால் அந்த நான்கு ஆண்டுகள் கிடைக்காது.