நர்ஸுக்கும் சமையல்காரருக்கும் ஒரே துணி போதுமா?

வேலையிடங்களுக்கு யூனிஃபார்ம் துணி தேர்ந்தெடுத்து, தைத்துக் கொடுப்பதுதான் என் தொழில். ஈரோடு, திருப்பூர் பக்கம் துணி எடுக்கிறோம், சாயப்பட்டறையில் நிறம் ஏற்றுகிறோம், ஆளுக்கு அளவெடுத்துத் தைக்கிறோம். இந்த எபிசோடில் எனக்கு வந்த ஒரு ஆர்டரை வைத்தே முழு விஷயத்தையும் சொல்லிடலாம்னு நினைக்கிறேன்.

கோயம்புத்தூரில் ஒரு நடுத்தர அளவு மருத்துவமனை. பெயர் வேண்டாம். நோயாளிகளுக்குச் சாப்பாடு போட உள்ளேயே ஒரு கேன்டீன் கிச்சன் வைத்திருக்கிறார்கள். நிர்வாகத்தில் இருந்து கேட்டது இவ்வளவுதான்: "எல்லாருக்கும் ஒரே துணி, ஒரே மெரூன் கலர். நர்ஸ், வார்டு அட்டெண்டர், சமையல் ஆட்கள், எல்லாருக்கும்." கையில் ஒரு சாம்பிளும் கொடுத்தார்கள். டெரிகாட்டன், அதாவது பாலியஸ்டரும் காட்டனும் கலந்தது, 65-க்கு 35. மொத்தமாக எடுத்தால் விலை குறையும், பார்க்கவும் ஒரே மாதிரி இருக்கும். நியாயமான ஆசைதான். ஆனால் அந்த ஒரே துணி நர்ஸுக்குக் கிட்டத்தட்ட சரி, சமையல்காரருக்கு ஆபத்து. ஏன்னு பார்க்கலாம்.

அடுப்புக்கு முன்னால் நிற்பவருக்கு

சமையல் ஆளுக்குச் சூடு இரண்டு விதமாக வருது. ஒன்று தீ. இன்னொன்று கொதிக்கிற சாம்பார், எண்ணெய்.

தீயை முதலில் எடுத்துக்குவோம். பாலியஸ்டர் என்பது பிளாஸ்டிக் நூல். ஏறக்குறைய 250 டிகிரி செல்சியஸில் உருகும். கேஸ் பர்னரின் தீ அதைவிடப் பல மடங்கு சூடு. சட்டைக் கை பர்னர் மேல் உரசினால், பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். ஒட்டினதோடு விடாது, அந்தச் சூட்டைத் தோலுக்குள்ளே கொடுத்துக்கிட்டே இருக்கும். காட்டன் உருகாது, கருகும். காட்டனும் தீப்பிடிக்கும், அது தீயைத் தடுக்கிற துணி இல்லை. ஆனால் கழற்றி எறியலாம், ஒட்டிக்கொள்ளாது.

"பாதி காட்டன் இருக்கே, பரவாயில்லையே?" என்று கேட்பார்கள். அங்கேதான் சிக்கல். கலப்புத் துணியில் காட்டன் கருகி ஒரு கூடு மாதிரி நிற்கும். உருகின பாலியஸ்டர் கீழே சொட்டாமல் அந்தக் கூட்டிலேயே தங்கி, திரியில் எண்ணெய் மாதிரி எரியும். அதனால் அடுப்புக்கு முன்னால் நிற்பவருக்குக் கலப்பே வேண்டாம், நூறு சதவீதம் காட்டன்தான்.

அடுத்தது கொதிக்கிற திரவம். பொரிக்கிற எண்ணெய் 170-இல் இருந்து 190 டிகிரி வரை இருக்கும். பாலியஸ்டர் அதில் உருகாது. காட்டன் அதை உறிஞ்சித் தோலோடு வைத்துக்கொள்ளும். அப்போ இங்கே காட்டன்தானே மோசம்? ஒரு அடுக்கு மெல்லிய காட்டனாக இருந்தால், ஆமாம். அதனால்தான் செஃப் கோட்டுக்கு முன்பக்கம் இரண்டு மடிப்பு. நெஞ்சிலும் வயிற்றிலும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு துணி, நடுவில் கொஞ்சம் காற்று. சிந்தினது தோலுக்குப் போய்ச் சேர ஒன்றிரண்டு விநாடி கூடுதலாகும். அதற்குள் கோட்டைக் கழற்றிவிட வேண்டும். இழுத்தால் திறக்கிற பிரஸ் பட்டன் வைப்பதும், உடம்பை ஒட்டாமல் கொஞ்சம் லூசாகத் தைப்பதும் இதற்காகத்தான்.

இதோடு ஒரு முதலுதவி விஷயம். கொதிநீரோ எண்ணெயோ ஊறின துணியை உடனே கழற்றி, அந்த இடத்தை 20 நிமிஷம் ஓடும் குழாய்த் தண்ணீரில் காட்டணும். ஆனால் உருகித் தோலில் ஒட்டின துணியைப் பிய்க்கவே கூடாது. அப்படியே தண்ணீர் காட்டி, டாக்டரிடம் போகணும். துணியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் இந்த இரண்டாவது நிலைமையே வராது.

வார்டில் நிற்பவருக்கு

நர்ஸுக்கு எதிரி தீ இல்லை, சலவை. ஒரு சின்னக் கணக்கு. ஆளுக்கு மூன்று செட், வாரத்தில் ஆறு நாள் வேலை. ஒவ்வொரு செட்டும் வாரத்துக்கு இரண்டு தடவை சலவைக்குப் போகும். வருஷத்துக்கு நூறு தடவைக்கு மேல். கடைக்காரர் "அம்பது வாஷ் வரைக்கும் கலர் போகாது சார்" என்று சொன்னால், அது ஆறு மாசம்கூடத் தாங்காது என்று அர்த்தம்.

அதுவும் வீட்டுச் சலவை மாதிரி இல்லை. கிருமி சாக வேண்டும் என்றால் சூடு வேண்டும். பிரிட்டனில் என்.எச்.எஸ். மருத்துவமனைத் துணிகளுக்கு வைத்திருக்கிற விதி: 65 டிகிரியில் குறைந்தது 10 நிமிஷம், இல்லை 71 டிகிரியில் 3 நிமிஷம். நான் சொல்கிற மருத்துவமனையிலும் சொந்த லாண்டரி, 70 டிகிரி, கூடவே குளோரின் பிளீச்.

இந்த இடத்தில் டெரிகாட்டன் நல்ல துணி. பாலியஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது, சுருங்காது, சீக்கிரம் காயும், இழை சீக்கிரம் நையாது. அதில் இருக்கும் காட்டன் வியர்வையை எடுத்துக்கும். அப்போ நிர்வாகம் கொடுத்த சாம்பிளில் என்ன குறை? சாயம்தான்.

ஒரே துணியில் இரண்டு சாயம்

டெரிகாட்டனில் இரண்டு நார் இருப்பதால் சாயமும் இரண்டு. பாலியஸ்டருக்கு டிஸ்பர்ஸ் சாயம். அது நாருக்கு உள்ளேயே போய் உட்காரும், பிளீச்சால் எளிதில் தொட முடியாது. காட்டனுக்குப் பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம் போடுவார்கள். சாதாரணச் சோப்புச் சலவைக்கு அது நன்றாகவே தாங்கும். ஆனால் குளோரின் பட்டால் பல ரியாக்டிவ் நிறங்கள் உடைந்து வெளுத்துப்போகும். பாலியஸ்டர் நூல் நிறமாகவே இருக்க, காட்டன் மட்டும் வெளுக்கும். அதனால்தான் சில யூனிஃபார்ம் கிழியாமலே சாம்பல் பூசின மாதிரி ஆயிடுது.

இதற்கு மாற்று வாட் சாயம். அது தண்ணீரில் கரையாத நிறம். காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோசல்பைட்டும் போட்டுத் தற்காலிகமாகக் கரைய வைத்து, காட்டன் நாருக்குள் அனுப்பி, பிறகு மறுபடி கரையாத நிலைக்கே திருப்பி விடுவார்கள். உள்ளே பூட்டின மாதிரி உட்கார்ந்துவிடும். விலை கூடுதல், பளிச்சென்ற நிறங்களும் குறைவு. நேவி, பச்சை, சாம்பல் எல்லாம் தாராளமாகக் கிடைக்கும்.

கடையில் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, நீங்களே பார்க்கலாம். ஒரு 240 மில்லி டம்ளர் தண்ணீரில் 10 மில்லி வீட்டுக் குளோரின் பிளீச் ஊற்றுங்க. கையுறை போட்டுக்கங்க, ஆசிட் கிளீனர் எதுவும் பக்கத்தில் வேண்டாம், கலந்தால் விஷவாயு வரும். துணித் துண்டு ஒன்றை ஒரு மணி நேரம் அதில் ஊறப்போட்டு, அலசிக் காயவைத்து, ஊறாத துண்டு பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்க. அந்த மெரூன் சாம்பிள் வெளிறின ரோஜா நிறத்துக்குப் போயிடுச்சு. வாட் சாயம் போட்ட நேவி துண்டில் எனக்கு வித்தியாசம் தெரியலை.

பிளீச்சால் வருகிற பழுப்புக் கறை

இதே மருத்துவமனையில் இன்னொரு புகாரும் இருந்தது. பழைய வெள்ளைக் கோட்டில் எல்லாம் பழுப்புக் கறை, எவ்வளவு பிளீச் போட்டாலும் போகலை. காரணம் கை கழுவுகிற, தோலைச் சுத்தம் செய்கிற குளோர்ஹெக்சிடின் திரவம். அது காட்டனில் நன்றாக ஒட்டிக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. மேலே குளோரின் பிளீச் பட்டவுடன் பழுப்பாக மாறிவிடும். ஒரு தடவை வந்தால் போகாது. கறையைப் போக்கப் போடுகிற பிளீச்சே கறையை உண்டாக்குது!

இதற்குத் துணியில் தீர்வு இல்லை, லாண்டரியில்தான் இருக்கு. குளோரினுக்குப் பதிலாக ஹைட்ரஜன் பெராக்சைடு வகை ஆக்சிஜன் பிளீச்சுக்கு மாறச் சொன்னோம். ரத்தக்கறை பட்டதை நேராகச் சுடுதண்ணீரில் போடாமல், முதலில் பச்சைத் தண்ணீரில் அலசச் சொன்னோம். சூடு பட்டால் ரத்தத்தில் இருக்கும் புரதம் நாரிலேயே இறுகிவிடும்.

கடைசியில் என்ன எடுத்தோம்

இரண்டு துணி. நர்ஸுக்கும் அட்டெண்டருக்கும் 65-35 டெரிகாட்டன், சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை, டிஸ்பர்ஸும் வாட்டும் போட்ட நேவி. பிளீச்சை மாற்றின பிறகும் ஏன் வாட்? லாண்டரியில் எப்போ யார் பழைய டப்பாவை எடுத்து ஊற்றுவார்கள் என்று சொல்ல முடியாது.

கிச்சனுக்கு நூறு சதவீதம் காட்டன் டிரில், 240 கிராம், முன்பக்கம் இரண்டு மடிப்பு, நிறம் வெள்ளை. வெள்ளையில் வெளுக்க நிறமே இல்லை. மஞ்சள் கறைக்குப் பயந்தார்கள். சோப்பு பட்டால் மஞ்சள் கறை சிவப்பாகும், பார்த்துப் பதற வேண்டாம். அலசி நல்ல வெயிலில் காயப்போட்டால் மஞ்சளின் நிறம் வெளிச்சத்திலேயே மங்கிவிடும்.

காட்டனில் கவனிக்க வேண்டியது சுருக்கம். துணியில் 50 சென்டிமீட்டர் சதுரம் வரைந்து, 70 டிகிரியில் மூன்று தடவை துவைத்துக் காயவைத்து அளந்து பாருங்க. இரண்டரை சென்டிமீட்டர் குறைந்தால் 5 சதவீதம். 110 சென்டிமீட்டர் மார்புச் சுற்றளவுள்ள கோட்டில் அது ஐந்தரை சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு சைஸ். முன்கூட்டியே சுருக்கின சான்ஃபரைஸ்டு துணி கேட்டு வாங்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

"இது சுத்தக் காட்டன்தானா?" என்று சந்தேகம் வந்தால், பாவிலிருந்து ஒரு நூல், ஊடிலிருந்து ஒரு நூல் உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்க. காட்டன் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிர்கிற சாம்பல் ஆகும். பாலியஸ்டர் இருந்தால் சுருண்டு, நுனியில் கெட்டியாக ஒரு கருப்பு மணி நிற்கும். விரலில் உருட்டிப் பார்த்தால் உடையாது. கிச்சனுக்கு வந்த துணியில் அந்த மணி தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திருப்பி அனுப்பிடுங்க.