ஒன்றரை ஸ்கொயர் வயரில் இரண்டு காயில் கூடுதல்

மார்ச் கடைசியில் பல குடோன்களின் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். உள்ளே ஸ்டாக் எடுப்பார்கள். விற்பனையை நிறுத்தி, ஒவ்வொரு ரேக்காக எண்ணிக் கணக்கோடு ஒப்பிட்டால் சில பொருள் குறையும், சில கூடும். வித்தியாசத்தைச் சரிக்கட்டி ஏப்ரல் 1 அன்று புதுக்கணக்கைத் தொடங்குவார்கள். ஏன் குறைந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. தவறு போன ஆகஸ்டில் நடந்திருக்கலாம்.

இன்னொரு வழி, ஆண்டு முழுக்கத் தினமும் கொஞ்சம் எண்ணுவது. இதைச் சைக்கிள் கவுன்ட் என்கிறார்கள். 600 வகைப் பொருள் உள்ள ஒரு மின்சாதனக் குடோனை எடுத்துக்கொள்வோம். விலை அதிகமாகவோ வேகமாகவோ ஓடும் 60 பொருளை மாதம் ஒருமுறையும், நடுத்தரமான 150-ஐ மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், மீதி 390-ஐ ஆண்டுக்கு ஒருமுறையும் எண்ணினால் மொத்தம் 1,710 எண்ணிக்கை. 300 வேலைநாளுக்கு வகுத்தால் நாளுக்கு ஆறு பொருள்கூட வராது. காலையில் முதல் பில் போடுமுன் அரை மணி நேரத்தில் பெரும்பாலும் முடிந்துவிடும். எண்ணுபவரிடம் கணக்கில் உள்ள இருப்பைச் சொல்லக் கூடாது. சொன்னால் கண்ணும் கையும் அந்த எண்ணுக்கே போய் நிற்கும்.

இதன் பலன் எங்கே தெரியும் என்றால், ஒன்றரை ஸ்கொயர் வயர் கணக்கில் 64 காயில், ரேக்கில் 66 என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே கணக்கைத் திருத்தக் கூடாது. வேறொருவர் மறுபடி எண்ண வேண்டும். அப்போதும் 66 என்றால் பக்கத்து ரேக்கைப் பார்க்க வேண்டும். அங்கே இரண்டரை ஸ்கொயர் 40 இருக்க வேண்டியது, 38 இருக்கிறது. மூன்று நாள் முந்தைய பில்லில் ஒன்றரை ஸ்கொயர் இரண்டு காயில் போட்டிருக்கிறது. அதற்கு விலை கூடிய இரண்டரையை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கியவருக்குப் போன் செய்து மாற்றிக்கொள்ளலாம். அட்டைப்பெட்டியில் அளவைப் பெரிதாக எழுதி ஒட்டலாம். இதே வித்தியாசம் மார்ச் பட்டியலில் வந்திருந்தால், ஒரு பக்கத்தில் கூடுதல், இன்னொரு பக்கத்தில் குறைவு என்று தனித்தனியாகக் கிடந்திருக்கும்.

ஆனால் எல்லாருக்கும் இது பொருந்தாது. வந்த சரக்கும் போன சரக்கும் அன்றன்றே பதிவாகாத இடத்தில், எண்ணியதை ஒப்பிடச் சரியான இருப்பே கிடையாது. ஒரே பொருள் நாலு மூலையில் கிடந்தாலும் அப்படித்தான். அங்கே முதலில் ஒருமுறை முழுதாக எண்ணி, ரேக்குக்கு எண் போட்டாக வேண்டும். பட்டியலில் உள்ளதைத் தேடிப் போய் எண்ணுவதால், பதிவே இல்லாமல் மூலையில் கிடக்கும் பெட்டி சைக்கிள் கவுன்ட்டில் தப்பிவிடும். முழுக் கணக்கெடுப்பில் அது கண்ணில் படும். மொத்தமே 50, 60 வகைதான் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், தினசரி ஏற்பாடு வீண் வேலை.

600 வகை வைத்திருப்பவர்கள் இந்த மார்ச்சில் முழுதாக எண்ணி முடியுங்கள். ஏப்ரல் முதல் வாரமே அந்த 60 பொருளில் தொடங்குங்கள்.