இலாப சதவீதத்திலிருந்து விற்பனை விலையைக் காணல்

ஒரு பொருளின் அடக்க விலையும், அதில் பெற விரும்பும் இலாப சதவீதமும் தெரிந்திருந்தால், அப்பொருளை எந்த விலைக்கு விற்க வேண்டும் என்பதைக் கணக்கிட முடியும். இவ்வாறு கிடைக்கும் விலை விற்பனை விலை எனப்படும். பள்ளிக் கணக்கில் இது ஒரே வரியில் முடிந்துவிடும். கடையில் அடக்க விலையைச் சரியாகக் கண்டறிவதும், சதவீதம் எந்தத் தொகையின் மீது கணக்கிடப்படுகிறது என்பதில் தெளிவாக இருப்பதும் இதற்கு முன்பே செய்ய வேண்டியவை. இவ்விரண்டில் ஒன்று தவறினாலும், சூத்திரம் சரியாக இருந்தும் எதிர்பார்த்த இலாபம் கைக்கு வராது.

சூத்திரம்

இலாப சதவீதம் என்பது பொதுவாக அடக்க விலையின் மீது கணக்கிடப்படுவது. அடக்க விலை 100 ரூபாயாக இருந்து, 25% இலாபம் வேண்டுமானால், விற்பனை விலை 125 ரூபாய் ஆகும். அடக்க விலை எதுவாக இருந்தாலும் இதே விகிதம் பொருந்தும்.

விற்பனை விலை = அடக்க விலை × (100 + இலாப சதவீதம்) ÷ 100

எனவே 25% இலாபத்திற்கு அடக்க விலையை 1.25 ஆலும், 10% இலாபத்திற்கு 1.10 ஆலும் பெருக்கினால் போதும்.

அடக்க விலை என்பது என்ன?

மொத்த வியாபாரியிடம் கொடுத்த தொகை வாங்கிய விலை ஆகும். அத்துடன் வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி போன்றவற்றைச் சேர்த்தால் சரக்கின் மொத்த அடக்கம் கிடைக்கும். காய்கறி, பழம் போன்ற பொருள்களில் சேதாரமும் உண்டு. அழுகியவை, நசுங்கியவை, எடை வற்றியவை ஆகியவற்றுக்கும் பணம் கொடுத்தே வாங்கியிருப்பதால், அவற்றின் விலையை விற்கக்கூடிய நல்ல சரக்கே சுமக்க வேண்டும். ஆகவே மொத்த அடக்கத்தை வாங்கிய எடையால் வகுக்காமல், விற்கக்கூடிய எடையால் வகுக்க வேண்டும்.

ஒரு கிலோவின் அடக்க விலை = மொத்த அடக்கம் ÷ விற்கக்கூடிய எடை

எடுத்துக்காட்டு: ஒரு பெட்டி தக்காளி

ஒரு காய்கறிக் கடைக்காரர் 25 கிலோ தக்காளி கொண்ட பெட்டியை 600 ரூபாய்க்கு வாங்குகிறார். கடைக்குக் கொண்டுவர வண்டி வாடகையும் கூலியும் சேர்த்து 30 ரூபாய் ஆகிறது. வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கு சேதாரமாகும் என்பது அவருக்குத் தெரியும். அவர் 25% இலாபம் பெற விரும்புகிறார்.

மொத்த அடக்கம் 600 + 30 = 630 ரூபாய். சேதாரம் 2.5 கிலோ போக விற்கக்கூடியது 22.5 கிலோ. எனவே ஒரு கிலோவின் அடக்க விலை 630 ÷ 22.5 = 28 ரூபாய். விற்பனை விலை 28 × 1.25 = 35 ரூபாய் ஆகும்.

விடையைச் சரிபார்க்கலாம். 22.5 கிலோவும் 35 ரூபாய்க்கு விற்றால் 787.50 ரூபாய் கிடைக்கும். இதில் 630 ரூபாய் போக இலாபம் 157.50 ரூபாய். இது 630இல் சரியாக 25% ஆகும்.

இதே கடைக்காரர் கூலியையும் சேதாரத்தையும் கணக்கில் கொள்ளாமல் விட்டிருந்தால், 600 ரூபாயை 25 கிலோவால் வகுத்து, கிலோவுக்கு 24 ரூபாய் அடக்கம் என்று எடுத்திருப்பார். அதன்மீது 25% சேர்த்தால் விற்பனை விலை 30 ரூபாய் என வரும். அவ்விலையில் 22.5 கிலோ விற்றால் கிடைப்பது 675 ரூபாய் மட்டுமே. இலாபம் 45 ரூபாய். அதாவது ஏறத்தாழ 7%. கிலோவுக்கு 6 ரூபாய் இலாபம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்க, உண்மையில் கிடைப்பது 2 ரூபாய்தான். சேதாரம் கொஞ்சம் கூடினால் அதுவும் போய்விடும்.

சதவீதம் எதன் மீது?

மேற்கண்ட கணக்கில் ஒரு கிலோவுக்கு இலாபம் 7 ரூபாய். இது அடக்க விலையான 28 ரூபாயில் 25%. விற்பனை விலையான 35 ரூபாயில் பார்த்தால் 20% மட்டுமே. இலாபத் தொகை ஒன்றுதான். வகுக்கும் எண் மாறுவதால் சதவீதம் மாறுகிறது.

இதைக் கவனிக்காவிட்டால் கல்லாப்பெட்டியில் தவறு நேரும். 25% இலாபம் வைத்து விற்றோம் என்று எண்ணி, விற்பனைத் தொகையான 787.50 ரூபாயில் 25% எடுத்துச் செலவு செய்தால், எடுத்த தொகை ஏறத்தாழ 197 ரூபாய். பெட்டியில் மிஞ்சுவது ஏறத்தாழ 591 ரூபாய். மறுநாள் அதே பெட்டியை வாங்கிக் கடைக்குக் கொண்டுவர 630 ரூபாய் தேவை. ஒவ்வொரு நாளும் 39 ரூபாய் அளவுக்கு முதல் கரைவதை, வியாபாரம் நன்றாக நடக்கும்போதே காண நேரும்.

விற்பனைத் தொகையில் 25% இலாபமாக இருக்க வேண்டும் என்பதே விருப்பமானால், சூத்திரமும் வேறு.

விற்பனை விலை = அடக்க விலை × 100 ÷ (100 − இலாப சதவீதம்)

இதன்படி 28 × 100 ÷ 75 = 37.33 ரூபாய். கிலோவுக்கு 37.50 ரூபாய் என விலை வைத்தால் இந்த இலாபம் கிடைத்துவிடும். விலையை முழுமையாக்கும்போது கீழே இறக்காமல் மேலே ஏற்றினால்தான் நினைத்த சதவீதம் குறையாது.

சந்தை விலை குறைவாக இருந்தால்

கணக்கு 35 ரூபாய் என்று சொன்னாலும், அடுத்த கடையில் அதே தரத் தக்காளி 32 ரூபாய்க்குக் கிடைத்தால் வாடிக்கையாளர் அங்கே போய்விடுவார். அப்போது கடைக்காரர் கணக்கைப் பின்னிருந்து போட வேண்டும். 22.5 கிலோவை 32 ரூபாய்க்கு விற்றால் 720 ரூபாய் வரும். 25% இலாபம் வேண்டுமானால் மொத்த அடக்கம் 720 ÷ 1.25 = 576 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதில் கூலி 30 ரூபாய் போக, பெட்டிக்கு அதிகபட்சம் 546 ரூபாய் கொடுக்கலாம். 600 ரூபாய்க்குக் குறைத்துத் தர மாட்டார்கள் என்றால், இலாபம் 90 ரூபாய், அதாவது ஏறத்தாழ 14% என்பதை அறிந்தே வாங்க வேண்டும். இல்லையேல் அன்று தக்காளியைக் குறைத்து வாங்க வேண்டும்.

இந்தியாவில் அதிகபட்ச சில்லறை விலை அச்சிடப்பட்ட பொட்டலப் பொருள்களுக்கும் இந்தப் பின்னோக்கிய கணக்கே பொருந்தும். அச்சிட்ட விலைக்கு மேல் விற்க இயலாது என்பதால், எந்த விலைக்கு வாங்கினால் கட்டுப்படியாகும் என்பதையே கடைக்காரர் முடிவு செய்ய முடியும்.

கணக்கின் வரம்பு

இங்கே கூறிய இலாபம், சரக்கின் அடக்கம் போக மிஞ்சும் மொத்த இலாபம் ஆகும். கடை வாடகை, மின் கட்டணம், வேலையாள் சம்பளம் ஆகியவை இதிலிருந்துதான் கொடுக்கப்பட வேண்டும். எனவே 25% போதுமா என்பதை ஒரு பெட்டியை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு நாளில் விற்கும் எல்லாப் பொருள்களின் இலாபத்தையும் கூட்டி, அன்றைய செலவுகளோடு ஒப்பிட வேண்டும். அத்தொகை செலவுக்கும் குடும்பத்துக்கும் போதவில்லை என்றால், சதவீதத்தைக் கூட்டவோ, அதிகம் விற்கவோ, சேதாரத்தைக் குறைக்கவோ வேண்டியிருக்கும். மேலே கண்ட பெட்டியில் சேதாரம் 2.5 கிலோவிலிருந்து 1.5 கிலோவாகக் குறைந்தால், விலையை ஏற்றாமலேயே 35 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும்.