மற்றவை மாறாதிருந்தால்...

கூலி உயர்ந்தால் முதலாளிகள் ஆட்களைக் குறைப்பார்கள் என்கிறது பொருளாதாரப் பாடநூல். அதோடு ‘மற்றவை மாறாதிருந்தால்’ என்ற நிபந்தனையும் உண்டு. லத்தீனில் இது ‘செட்டரிஸ் பாரிபஸ்’. இரண்டு காரணங்கள் சேர்ந்து மாறினால், விளைவு எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது. அதனால்தான் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கிறார்கள்.

தாளில் இது எளிது; நிஜத்தில் எதுவும் அசையாமல் நிற்காது. 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. அப்போது பொருளாதார மந்தமும் நிலவியது. பிறகு வேலை குறைந்தால் பழி கூலிக்கா, மந்தத்துக்கா?

டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் கூலி மாறாத பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவின் கிழக்குப் பகுதியை ஒப்பீட்டுக்கு எடுத்தார்கள். மந்தம் இரு பக்கமும் உண்டு. கூலி உயர்வு ஒரு பக்கம் மட்டுமே. இரு பகுதேர நேர ஊழியர்களை ஒரு முழுநேர ஊழியராகக் கணக்கிட்டதில், துரித உணவகம் ஒன்றுக்குச் சராசரியாக பென்சில்வேனியாவில் 2.2 பேர் குறைந்தார்கள். நியூ ஜெர்சியில் 0.6 பேர் கூடினார்கள். எதிர்பார்த்த வேலையிழப்பு தென்படவில்லை.

ஆனால், கூலியைத் தவிர இரு பகுதிகளும் ஒரே போக்கில் சென்றிருக்கும் என்பது அனுமானமே. ஊதியப் பதிவேடுகளை வைத்துப் பிற ஆய்வாளர்கள் இம்முடிவை மறுத்தார்கள். எனவே, இதனால்தான் அது நடந்தது என்று யாராவது சொன்னால், மற்றவை மாறவில்லையா என்று கேளுங்கள்.