மூணு சுழி அணில்

வளைகுடாவில் வேலை பார்க்கும் அப்பாக்களில் பலர் பிள்ளையின் வீட்டுப்பாடத்தைக் கைப்பேசிப் படமாகத்தான் பார்க்கிறார்கள். ஊரில் அம்மா நோட்டைப் படம் எடுத்து அனுப்புவார். அப்பா வேலை முடிந்து அறைக்கு வந்ததும் வீடியோ காலில் திருத்துவார். தமிழ்ப் பாடத்தில் இது எப்படி நடக்கிறது, எங்கே சறுக்குகிறது என்பதை ஒரு சிறுகதையாகவே சொல்கிறேன். ஆட்கள் கற்பனை. நோட்டில் உள்ள பிழைகள் கற்பனையல்ல, ஐந்தாம் வகுப்பு நோட்டு எதைப் புரட்டினாலும் கிடைப்பவை.

அப்பா குவைத்தில் ஏசி மெக்கானிக். மகள் பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் படிக்கிறாள். குவைத் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அவர் வண்டியை விட்டு இறங்கி முகம் கழுவும்போது அங்கே மாலை 6 என்றால், இங்கே இரவு 8.30. மகளுக்குக் கண் சொருகும் நேரம். அதனால் படம் 7 மணிக்கே போய்விடும். வண்டியில் வரும்போதே அவர் பார்த்து வைத்துக்கொள்வார். பேசக் கிடைப்பது பத்து நிமிடம்.

இன்றைய பக்கம் ‘எங்கள் தோட்டம்’. மகள் எழுதியது இது:

“எங்கள் வீட்டு தோட்டத்தில் கொய்யா மறம் உள்ளது. அந்த மறத்தை தாத்தா நட்டார். அனில் வந்து பளம் தின்னும். தாத்தா எனக்கு பளம் பறித்து கொடுப்பார்.”

“பாப்பா, ‘நட்டார்’ல புள்ளியே வைக்கலியே?”

“வச்சிருக்கேன்ப்பா!” நோட்டைத் தூக்கிக் காமிராவுக்கு நேரே பிடிக்கிறாள். புள்ளி இருக்கிறது. பென்சிலில் மெல்ல வைத்த புள்ளி நோட்டின் கோட்டின் மேலேயே விழுந்திருக்கிறது; படத்தில் கோடு அதை விழுங்கிவிட்டது.

தமிழ்க் கையெழுத்தைப் படத்தில் திருத்துகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது. நம் எழுத்தில் பாதி வேலையைப் புள்ளி செய்கிறது. படத்தில் முதலில் காணாமல் போவதும் அதுதான். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புவதால் மெல்லிய கோடுகள் இன்னும் மங்கும். படமாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ ஆக இணைத்தால் எடுத்தபடியே போய்ச் சேரும். விளக்கு தலைக்கு மேலே இருந்தால் எடுப்பவரின் நிழல் தாளில் விழும். நோட்டைச் சற்றுத் தள்ளி, வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி வைத்து, கைப்பேசியைச் சாய்க்காமல் நேர்மேலே பிடித்து எடுத்தால் போதும். அப்படியும் சந்தேகம் வந்தால் பிள்ளையைக் கேட்டுவிட்டுத்தான் பிழை என்று சொல்ல வேண்டும். போடாத தப்புக்கு ஒருமுறை திட்டு வாங்கிய பிள்ளை அடுத்த நாள் நோட்டை ஒளித்து வைக்கும்.

படத்தில் வட்டம் போட அவருக்குக் கை துறுதுறுக்கிறது. எண்ணினால் ஒன்பது வட்டம் வரும். போடவில்லை. “நீ சத்தமா வாசி, அப்பா கேக்குறேன்” என்கிறார்.

அவள் வாசிக்கிறாள். “எங்கள் வீட்டுத்தோட்டத்தில்...”

“நில்லு. இப்ப என்ன சொன்னே?”

“வீட்டுத்தோட்டத்தில்.”

“உன் வாய் ‘த்’ சொல்லுது. நோட்டுல அது எங்க?”

சிரித்துக்கொண்டே அழிரப்பரைத் தேடுகிறாள். ‘மரத்தைத் தாத்தா’, ‘எனக்குப் பழம்’, ‘பறித்துக் கொடுப்பார்’ ஆகிய மூன்றையும் அவளே கண்டுபிடிக்கிறாள். ஒற்றுப் பிழைக்கு இலக்கணப் பெயர்கள் நிறைய உண்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அவை வேண்டாம். அந்த ஒற்றைப் பெரும்பாலும் நம் வாய் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. எழுதும் கைதான் அதை விட்டுவிடுகிறது. படத்தை மட்டும் பார்த்துத் திருத்தியிருந்தால் நான்கு வட்டம் விழுந்திருக்கும். எங்கே கவனிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

அடுத்தது ‘பளம்’. வாசிக்கும்போதும் ‘பளம்’ என்றே சொல்கிறாள். இங்கே கையை நொந்து பயனில்லை, நாக்குதான் எழுதியிருக்கிறது. “பாப்பா, ‘ள’ சொல்லும்போது நாக்கு மேல ஒட்டும். சிறப்பு ‘ழ’வுக்கு நல்லா மடக்கணும், ஆனா ஒட்டக் கூடாது. சொல்லு பாப்போம்.” மூன்றாவது தடவை வந்துவிடுகிறது. வாயில் சரியாக ‘பழம்’ என்று சொல்லிவிட்டு ‘பளம்’ என்று எழுதியிருந்தால் அது வெறும் கவனப்பிசகு. வேறு பாடமே தேவையில்லை. இரண்டில் எது என்பதைப் படம் சொல்லாது, வாசிப்புதான் சொல்லும்.

‘மறம்’, ‘அனில்’ இரண்டிலும் வாசிப்பும் கைகொடுக்காது. சின்ன ‘ர’, பெரிய ‘ற’ இரண்டையும் இன்று பெரும்பாலோர் ஒரே மாதிரிதான் ஒலிக்கிறோம். மூணு சுழி ‘ண’, ரெண்டு சுழி ‘ன’வும் பலர் வாயில் அப்படித்தான். காது தராததைக் கண்தான் தர வேண்டும். இதற்குப் பழைய ஆசிரியர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். வண்டியில் ‘ட’வுக்கு முன் மூணு சுழி, பந்தில் ‘த’வுக்கு முன் ‘ந்’, கன்றில் ‘ற’வுக்கு முன் ரெண்டு சுழி. பெயரிலேயே இணை எழுத்து இருக்கிறது. சின்ன ‘ர’ இரட்டிக்காது என்பதும் உதவும். அதனால்தான் காற்று, நேற்று எல்லாவற்றிலும் பெரிய ‘ற’.

ஆனால் அணிலுக்கும் மரத்துக்கும் இந்த வழிகள் எட்டாது. சொல்லைச் சொல்லாகவே மனத்தில் பதிக்க வேண்டும். அப்பா நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘அணில்’, ‘மரம்’ என்று எழுதச் சொல்கிறார். பக்கத்தில் ஓர் அணில் படமும் வரைந்துகொள்ளச் சொல்கிறார். “அணிலுக்கு மூணு சுழிப்பா” என்று அவளே சொல்லிவிட்டுக் கொட்டாவி விடுகிறாள். அழைப்பு முடிகிறது.

மறுநாள் படத்தில் புதுப் பிழை: ‘மரத்துக்கு வந்தப் பறவைகள்’. முந்தின நாள் கற்ற ஒற்றை எல்லா இடத்திலும் வைத்திருக்கிறாள். இது நல்ல அறிகுறி. ஒற்று என்று ஒன்று இருப்பதை அவள் பிடித்துவிட்டாள் என்று பொருள். அப்பாவுக்கே ஒரு நொடி தயக்கம். பிறகு சொல்கிறார்: “‘அந்த’ன்னு கை நீட்டிக் காட்டுனா ‘ப்’ வரும், அந்தப் பறவை. ‘வந்த’ங்கறது பறவை செஞ்ச வேலை, அங்க வராது. வந்த பறவை. வாசிச்சுப் பாரு, வாயும் அழுத்தாது.”

அமீரகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. அங்கே வாட்ஸ்அப்பில் படமும் குரல் பதிவும் போகும். அழைப்புக்கு நெடுங்காலமாகத் தடை இருப்பதால் அனுமதி பெற்ற வேறு செயலிதான் வழி. அது இல்லாதவர்கள் பிள்ளை வாசிப்பதைக் குரல் பதிவாக வாங்கிக்கொள்ளலாம். நாக்கின் பிழையா கையின் பிழையா என்பது அதிலும் தெரியும். உடனே திருத்த முடியாது என்பது மட்டுமே குறை.

ஒரு நாளைக்கு ஒரு வகைப் பிழைக்கு மேல் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. தோட்டக் கட்டுரையில் மூன்று வகையும் ஒரே இரவில் வந்தது கதைக்காக. நிஜத்தில் அன்று ஒற்றோடு நிறுத்தியிருப்பேன். இன்றிரவு உங்கள் கைப்பேசிக்கு ஒரு நோட்டுப் படம் வந்தால், வட்டம் போடும் முன் பிள்ளையை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.